பல ஃபிளாஷ் படத்திலிருந்து பந்தின் வேகத்தைக் கணக்கிடுவது: முழுமையான வழிகாட்டி

இருட்டறையில் கேமராவின் ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, ஒரு விளக்கை வினாடிக்கு 20 முறை மின்ன விட்டால், ஓடுகிற பந்து ஒரே படத்தில் பல இடங்களில் பதிவாகும். இரண்டு பிம்பங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை ஸ்கேல் சொல்லும், நேரத்தை விளக்கு சொல்லும். வகுத்தால் வேகம். கணக்கு அவ்வளவுதான். ஆனால் ஆய்வகத்தில் இதை முதன்முறை செய்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு விடை ஐந்தாறு சதவீதம் தள்ளி வருகிறது. வகுத்தலில் யாரும் தவறுவதில்லை. அந்தத் தூரமும் நேரமும் தாங்கள் நினைத்த அளவில் இல்லை என்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் காரணம்.

அதனால் சமமான வேகத்தில் உருளும் பந்தை விட்டுவிட்டு, பெஞ்சின் விளிம்பைத் தாண்டி விழும் பந்தை எடுத்துக்கொள்வோம். விழும் பந்து எந்த முடுக்கத்தில் விழும் என்று நமக்கு முன்பே தெரியும். அதனால் ஸ்கேலும் நேரமும் சரியா என்று படமே சொல்லிவிடும்.

## 1. தொடங்கும் முன் கைவசம் இருக்க வேண்டியவை

பந்து. வெள்ளை கோல்ஃப் பந்து நன்றாக அமையும். டேபிள் டென்னிஸ் பந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் அதைத்தான் எடுப்பார்கள். வேண்டாம். அதன் எடை 2.7 கிராம்தான். வினாடிக்கு 2.6 மீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் தடை அதன் எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு ஆகிவிடும். கோல்ஃப் பந்தின் எடை சுமார் 46 கிராம், அதற்கு இந்தத் தடை ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. படத்தைச் சரிபார்க்கப் புவியீர்ப்பு முடுக்கமான 9.8 மீ/வி² என்ற எண்ணை நம்பப் போகிறோம், அதனால் காற்று குறுக்கே வராத பந்து வேண்டும்.

விளக்கு. ஆய்வகங்களில் இருக்கும் செனான் ஸ்ட்ரோப் விளக்கு நல்லது. அதன் ஒரு மின்னல் சில பத்து மைக்ரோவினாடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்தில் நம் பந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட நகராது. போனின் டார்ச்சை ஆப் வைத்து மின்ன விடுவது வேறு கதை. ஒவ்வொரு முறையும் அது 5 மில்லிவினாடி எரிந்தால், அதற்குள் பந்து 13 மி.மீ. நகர்ந்துவிடும். படத்தில் உருண்டைக்குப் பதில் கோடு விழும்.

மற்றவை. டிரைபாட், முழுதாக மேனுவலில் வைக்கக்கூடிய கேமரா, கறுப்புத் துணி, ஒரு மீட்டர் ஸ்கேல், தூக்குக்குண்டு, ரசமட்டம். பந்தை உருட்டிவிட மின்வயர் ஓடும் பிளாஸ்டிக் கேசிங் பட்டி ஒன்றை வளைத்து பெஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளலாம். சுமார் 20 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் விளிம்பில் வினாடிக்கு ஒன்றரை மீட்டர் அளவுக்கு வேகம் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. வினாடிக்கு 15 முதல் 25 வரை மின்னும் ஒளி, ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ளவர்களுக்கு மிக ஆபத்தானது. நாம் பயன்படுத்தும் 20 சரியாக அதன் நடுவில் இருக்கிறது. விளக்கைப் போடும் முன் அறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள், கேட்காமல் போடாதீர்கள். விளக்கை சில வினாடிகளுக்கு மேல் எரியவிடவும் தேவையில்லை.

## 2. நேர இடைவெளியை நீங்களே எண்ணுங்கள்

விளக்கின் டயலில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது முதல் தவறு. பல விளக்குகளின் டயல் வினாடிக் கணக்கில் இருக்காது, நிமிடக் கணக்கில் இருக்கும். 1200 என்று காட்டினால் நிமிடத்துக்கு 1200, அதாவது வினாடிக்கு 20. இடைவெளி 1 ÷ 20 = 0.05 வினாடி.

அந்த 1200 உண்மையிலேயே 1200தானா? இப்போது பல போன்களில் வினாடிக்கு 240 சட்டகம் எடுக்கும் ஸ்லோ மோஷன் இருக்கிறது. விளக்கைச் சுவரில் மின்ன விட்டு 10 வினாடி பதிவு செய்யுங்கள். அது மெதுவாக ஓடும்போது 80 வினாடிக்கு நீளும், வினாடிக்கு இரண்டு மூன்று மின்னல்தான் வரும். கண்ணாலேயே எண்ணிவிடலாம். சில சட்டகங்களில் வெளிச்சம் பாதிக்கு மட்டும் பட்டையாகத் தெரியும். அதுவும் ஒரு மின்னல்தான், விடாமல் எண்ணுங்கள். 200 வந்தால் சரி. ஒன்று கூடக் குறைய எண்ணியிருந்தாலும் பிழை அரை சதவீதம்தான்.

பழைய விளக்கு ஒன்றில் டயல் 20 காட்ட, நாங்கள் எண்ணியது 186. அதாவது வினாடிக்கு 18.6. டயலை நம்பியிருந்தால் எல்லா வேகங்களும் ஏழு சதவீதத்துக்கு மேல் கூடுதலாக வந்திருக்கும், படத்தை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. எண்ணிய பிறகு டயலைத் தொடக்கூடாது. படம் எடுத்து முடித்ததும் இன்னொரு முறை எண்ணினால் இன்னும் நல்லது, ஏனென்றால் சில விளக்குகள் சூடானதும் கொஞ்சம் மாறுகின்றன.

## 3. ஸ்கேலைப் பந்து போகும் தளத்திலேயே வையுங்கள்

இந்த ஒரு படியில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். பின்னால் கறுப்புத் துணி தொங்குகிறது, ஸ்கேலை அதிலேயே ஊசி குத்தி மாட்டிவிடலாம் என்று தோன்றும். கேமராவுக்கும் பந்துக்கும் 250 செ.மீ., துணி அதற்கும் 15 செ.மீ. பின்னால் என்று வையுங்கள். தள்ளி இருக்கும் பொருள் படத்தில் சிறிதாகத் தெரியும். எனவே பந்தின் தளத்தில் ஒரு செ.மீ.க்கு 16 பிக்சல் விழுந்தால், துணியில் மாட்டிய ஸ்கேலில் 15.1 பிக்சல்தான் விழும். அந்த ஸ்கேலை வைத்துப் பந்தின் தூரத்தைக் கணக்கிட்டால் ஒவ்வொரு தூரமும் 6 சதவீதம் கூடிவிடும், வேகமும் அதே அளவு கூடும்.

ஒரு மாணவி இப்படித்தான் 10.4 என்று புவியீர்ப்பு முடுக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். விளக்கில்தான் கோளாறு என்று முடிவு கட்டி இருவரும் ஒரு மணி நேரம் மின்னலை எண்ணிக்கொண்டிருந்தோம். விளக்கில் ஒன்றுமில்லை. ஸ்கேல் துணியோடு ஒட்டி இருந்தது. 9.8-ஐ 265 ÷ 250 ஆல் பெருக்கிப் பாருங்கள், 10.4 வந்துவிடும்.

சரியான முறை இது. பந்து உருளும் பட்டியின் நடுக்கோட்டுக்கு நேராகத் தரையில் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். ஸ்டாண்டுகளை அந்தக் கோட்டின் மேல் நிறுத்தி, ஸ்கேலின் முகம் பந்தின் மையம் போகும் தளத்தில் வருமாறு பிடிக்கச் செய்யுங்கள். பந்தின் பாதையில் குறுக்கிடாமல் 15 செ.மீ. மேலே, கிடைமட்டமாக இருக்கட்டும்.

ஸ்கேலை அப்படியே வைத்தாலும் ஒரு சிக்கல் உண்டு. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க எல்லா மின்னல்களும் அதன் மேல் விழும். வெளிர் நிற மர ஸ்கேல் படத்தில் வெறும் வெள்ளைப் பட்டையாகிவிடும், எண்களும் கோடுகளும் காணாமல் போகும். அதனால் ஸ்கேலின் மேல் கறுப்புக் காகிதம் சுற்றி, 10 செ.மீ., 50 செ.மீ., 90 செ.மீ. இடங்களில் மட்டும் மெல்லிய வெள்ளை டேப்பை ஒட்டுங்கள். மூன்று கீற்றுகள் போதும். நடுவில் உள்ளது எதற்கு என்றால், இடது பாதியும் வலது பாதியும் ஒரே பிக்சல் எண்ணிக்கையில் இருக்கிறதா என்று பார்க்க. ஒரு பாதி பெரிதாக இருந்தால் கேமரா நேராகப் பார்க்கவில்லை, சாய்வாகப் பார்க்கிறது என்று பொருள்.

ஸ்கேலைத் தனிப் படமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இரண்டு படங்களுக்கு நடுவே ஜூம் துளி நகர்ந்தாலும், ஃபோகஸ் மாறினாலும், ஒரு படத்தை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி அது சுருங்கி வந்தாலும் அளவு கெட்டுவிடும். ஸ்கேலும் பந்தும் ஒரே படத்தில் இருந்தால், படத்தை எவ்வளவு சுருக்கினாலும் இரண்டும் சேர்ந்தே சுருங்கும். கிடைமட்ட ஸ்கேலை வைத்துச் செங்குத்துத் தூரத்தையும் அளக்கலாம், ஏனென்றால் பிக்சல்கள் சதுரமானவை. யாரும் படத்தை ஒரு பக்கமாக மட்டும் இழுத்துப் பெரிதாக்காத வரை இது சரி.

## 4. படம் எடுப்பது

கேமராவை ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். சட்டகத்தின் ஓரத்தில் தூக்குக்குண்டின் வெள்ளை நூல் தெரியட்டும். பின்னால் செங்குத்து எது என்று சந்தேகம் வந்தால் அந்த நூல்தான் தீர்த்து வைக்கும். பந்து போகும் பகுதி சட்டகத்தின் நடுவில் வரவேண்டும், ஓரங்களில் லென்ஸ் நேர்கோட்டையே கொஞ்சம் வளைத்துவிடும்.

ஃபோகஸை வெளிச்சத்தில், ஸ்கேலின் மேல் சரிசெய்து மேனுவலில் பூட்டிவிடுங்கள். இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தேடிக்கொண்டே இருக்கும். ஷட்டர் 1 வினாடி, துளை f/5.6 அல்லது f/8, ISO 400 என்று தொடங்கி, படத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

விளக்கைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைக்காமல் பக்கவாட்டில், துணியின் மேல் வெளிச்சம் படாதபடி வையுங்கள். காரணம் எளிது. பந்து ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு மின்னலைத்தான் வாங்குகிறது. பின்னணியோ ஒரு வினாடியில் 20 மின்னலையும் வாங்குகிறது. துணி கொஞ்சம் சாம்பல் நிறமாக இருந்தாலும் இருபது மடங்கு சேர்ந்து பந்தை மூழ்கடித்துவிடும். பந்து மங்கலாகத் தெரிந்தால் ISO-வைக் கூட்டுவதற்கு முன் துணியை இன்னும் பின்னால் தள்ளிப் பாருங்கள்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் விளக்கைப் போட்டு ஷட்டரை அழுத்த, சத்தம் கேட்டதும் மற்றவர் பந்தை விடவேண்டும். பந்தை விரலால் தள்ளக்கூடாது, ஒரு அட்டையை வைத்துத் தடுத்து அட்டையை எடுத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே வேகம் வரும். ஷட்டருக்குள் பந்து முழுதாக விழவில்லை என்றால் ஷட்டரை 2 வினாடியாக்குங்கள்.

## 5. பிக்சலில் அளப்பது

படத்தை `ImageJ` என்ற மென்பொருளில் திறந்து, பல புள்ளி வைக்கும் கருவியை எடுத்து, பிம்பங்களை வரிசையாகச் சொடுக்கி `Analyze → Measure` கொடுத்தால் ஒவ்வொன்றின் X, Y வரும். Y கீழ்நோக்கிக் கூடும் என்பதை நினைவில் வையுங்கள், விழும் பந்துக்கு அது வசதியும்கூட.

`Set Scale` வழியாக முதலிலேயே செ.மீ.க்கு மாற்றிவிடலாம். நான் மாற்றுவதில்லை. பிக்சலாகவே எழுதி வைத்தால், ஸ்கேலில் தவறு இருந்தது என்று பின்னால் தெரியும்போது ஒரே எண்ணை மட்டும் மாற்றினால் போதும். முன்பு வேறு படத்துக்குக் கொடுத்த அளவு `Global` என்று பதிந்து கிடந்தால் வரும் எண்கள் பிக்சலே அல்ல. அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கே சொடுக்குவது? பக்கவாட்டு வெளிச்சத்தில் பந்து முழு வட்டமாகத் தெரியாது, ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி ஒளிரும். பிறையின் நடு பந்தின் மையம் அல்ல. ஆனால் நமக்கு இரண்டு இடங்களின் வித்தியாசம்தான் தேவை. எல்லாப் பிம்பங்களிலும் ஒரே மாதிரி தள்ளி இருந்தால் கழிக்கும்போது அது போய்விடும். ஆகவே ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி வரை மாறாதீர்கள். முதல் பிம்பத்தில் பிறையின் நடு, மூன்றாவதில் பந்தின் கீழ் விளிம்பு என்று மாற்றிச் சொடுக்கினால் ஒரே அடியில் இருபது முப்பது பிக்சல் பிழை வந்துவிடும்.

எங்கள் படம் ஒன்றின் எண்கள் இவை. பெஞ்சின் உயரம் 60 செ.மீ., இடைவெளி 0.05 வினாடி. ஸ்கேலின் 10-க்கும் 90-க்கும் நடுவே 1280 பிக்சல். எனவே 80 ÷ 1280 = ஒரு பிக்சலுக்கு 0.0625 செ.மீ.

| பிம்பம் | X | Y | X வேறுபாடு | Y வேறுபாடு |
|---|---|---|---|---|
| 1 | 842 | 613 | | |
| 2 | 966 | 648 | 124 | 35 |
| 3 | 1090 | 723 | 124 | 75 |
| 4 | 1215 | 836 | 125 | 113 |
| 5 | 1338 | 990 | 123 | 154 |
| 6 | 1462 | 1181 | 124 | 191 |
| 7 | 1586 | 1413 | 124 | 232 |

ஸ்கேலின் 10, 90 இரண்டையும் எடுத்தது ஏன்? அருகருகே உள்ள இரண்டு கீற்றை எடுத்தால் ஒரு பிக்சல் தவறுகூடப் பெரிய சதவீதமாகும். 1280-இல் இரண்டு பிக்சல் தவறினாலும் 0.2 சதவீதத்துக்குள் நிற்கும். பந்தின் விட்டத்தையே ஸ்கேலாக வைப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.7 மி.மீ., இந்தப் படத்தில் 68 பிக்சல். வெளிச்சம் கசிந்து விளிம்பு இரண்டு பிக்சல் பெரிதாகத் தெரிந்தால் அப்போதே மூன்று சதவீதம் போய்விட்டது. ஸ்கேல் சரியா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க மட்டும் பந்தின் விட்டம் உதவும்.

## 6. பிம்பங்களை எண்ணாமல் இடைவெளிகளை எண்ணுங்கள்

ஏழு பிம்பம் இருக்கிறது, அதனால் 7 × 0.05 = 0.35 வினாடி என்று எழுதுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். ஏழு பிம்பங்களுக்கு நடுவே ஆறு இடைவெளிதான். வேலியில் ஏழு கம்பம் நட்டால் ஆறு தடுப்புதான் கிடைக்கும், அதே மாதிரி. மொத்த நேரம் 0.30 வினாடி. ஏழில் ஒன்று தவறினால் வேகம் 14 சதவீதம் குறைந்துவிடும்.

இன்னொன்று, முதல் பிம்பம் பந்து விளிம்பை விட்ட கணம் அல்ல. மின்னல் எப்போது விழுந்ததோ அப்போது பதிவானது, அவ்வளவே. அந்தக் கணத்தைப் பூஜ்ஜியம் என்று வைத்து, விழுந்த தூரத்தை ½gt² என்ற சூத்திரத்தில் போட்டால் விடை தாறுமாறாக வரும். அட்டவணையில் முதல் Y வேறுபாடு 35 பிக்சல், அதாவது 2.2 செ.மீ. ஓய்விலிருந்து 0.05 வினாடியில் 1.2 செ.மீ.தான் விழுந்திருக்க வேண்டும். முதல் மின்னலின்போதே பந்து கீழ்நோக்கிக் கொஞ்சம் வேகம் பிடித்துவிட்டது என்பதற்கு இதுவே சாட்சி. வேறுபாடுகளை மட்டும் வைத்து வேலை செய்தால் இந்தத் தொடக்க நேரம் நமக்குத் தேவையே இல்லை.

## 7. வேகத்துக்கு முன் 9.8 வருகிறதா என்று பாருங்கள்

Y வேறுபாடுகள் 35, 75, 113, 154, 191, 232. அவை ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு கூடுகின்றன? 40, 38, 41, 37, 41. ஏறி இறங்கினாலும் எல்லாம் 39-ஐச் சுற்றியே இருக்கின்றன. சராசரி (232 − 35) ÷ 5 = 39.4 பிக்சல். அது 2.46 செ.மீ. இடைவெளியின் வர்க்கமான 0.0025-ஆல் வகுத்தால் 985, அதாவது 9.85 மீ/வி². எதிர்பார்த்ததிலிருந்து அரை சதவீதம் தள்ளி. ஸ்கேலும் விளக்கும் சரி என்று இப்போது நம்பலாம்.

இந்த எண் 9.8-இலிருந்து நன்றாக விலகினால் வேகத்தைக் கணக்கிடவே போகாதீர்கள். எங்கே தவறு என்று தேட ஒரு வழி இருக்கிறது. ஸ்கேல் 3 சதவீதம் தவறினால் முடுக்கமும் 3 சதவீதம்தான் தவறும். மின்னல் எண்ணிக்கை 3 சதவீதம் தவறினால் முடுக்கம் 6 சதவீதம் தவறும், ஏனென்றால் நேரம் வர்க்கமாக வருகிறது. வேகமோ இரண்டிலும் 3 சதவீதம்தான் மாறும். ஒரே படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஆனால் ஸ்கேலைப் பந்தின் விட்டத்தோடு ஒப்பிட்டும், மின்னலை மறுபடி எண்ணியும் பிரித்துவிடலாம்.

X வேறுபாடுகளும் பேசும். காற்று குறுக்கிடாததால் அவை ஒரே அளவில் இருக்க வேண்டும், இருக்கின்றன. அவை 122, 123, 123, 124, 125, 125 என்று ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனால் கேமரா சாய்ந்திருக்கிறது. ஒரு டிகிரி சாய்ந்தாலே கீழ்நோக்கிய 39 பிக்சலில் 0.7 பிக்சல் ஒவ்வொரு அடியிலும் பக்கவாட்டில் கசியும். தூக்குக்குண்டின் நூலை வைத்துப் படத்தைத் திருப்பி நேராக்கிவிட்டு மறுபடி அளங்கள்.

## 8. வேகம்: எந்த இடத்தில், எந்தக் கணத்தில்

அடுத்தடுத்த இரண்டு பிம்பங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை 0.05-ஆல் வகுத்தால் கிடைப்பது அந்த இடைவெளியின் சராசரி வேகம். முடுக்கம் மாறாமல் இருக்கும்போது அது இடைவெளியின் நடுக் கணத்து வேகத்துக்குச் சமம். முதல் பிம்பத்துக்கோ இரண்டாவதுக்கோ அது சொந்தமல்ல. 4-க்கும் 5-க்கும் நடுவே கிடைத்த எண்ணை "5-ஆம் பிம்பத்தின் வேகம்" என்று எழுதினால் செங்குத்து வேகத்தில் 0.25 மீ/வி பிழை வருகிறது.

5-ஆம் பிம்பத்தில் வேகம் வேண்டுமா? அதற்கு முன்னும் பின்னும் உள்ள 4, 6 பிம்பங்களை எடுங்கள். அவற்றின் நடுக் கணம் சரியாக 5-ஆம் பிம்பம். நேரம் 0.10 வினாடி.

```
vy = (1181 - 836)  × 0.0625 / 0.10 = 215.6 cm/s
vx = (1586 - 842)  × 0.0625 / 0.30 = 155.0 cm/s
v  = sqrt(155.0² + 215.6²)         = 265.5 cm/s
```

கிடைமட்ட வேகத்துக்கு மட்டும் முழு ஆறு இடைவெளியையும் எடுத்திருக்கிறேன். அது மாறுவதில்லை, அதனால் நீளமான தூரத்தில் அளந்தால் பிக்சல் பிழை குறையும். செங்குத்து வேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது, அதை அப்படி நீட்ட முடியாது.

இந்தப் படத்தில் எட்டாவது பிம்பமும் இருந்தது, Y = 1483. ஏழாவதிலிருந்து 70 பிக்சல்தான் கீழே. வரிசைப்படி 271 வந்திருக்க வேண்டும். பந்து ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே தரையில் பட்டு எழும்பியிருக்கிறது. தரை 7-ஆம் பிம்பத்துக்குக் கீழே, படத்தில் தெரியாத இருட்டில் இருந்ததால் புதிதாகப் பார்ப்பவருக்கு எட்டும் விழுந்துகொண்டிருப்பதாகவே தோன்றும். பட்டு எழுந்த இடத்தைத் தாண்டி எந்த வேறுபாட்டையும் எடுக்கக்கூடாது. 7-ஆம் பிம்பத்தின் வேகத்தை இந்தப் படத்திலிருந்து நேரடியாகச் சொல்லவும் முடியாது. 6-க்கும் 7-க்கும் நடுக்கணத்தில் 232 பிக்சலிலிருந்து வரும் செங்குத்து வேகம் 290 செ.மீ./வி என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

## 9. எவ்வளவு நம்பலாம்

சொடுக்கும்போது ஒரு பிக்சல் முன்பின் ஆகும். இரண்டு இடங்களைக் கழித்தால் அது சுமார் 1.4 பிக்சல். 345 பிக்சலில் அது 0.4 சதவீதம். ஒரே இடைவெளியை, அதுவும் முதல் 35 பிக்சலை எடுத்திருந்தால் 4 சதவீதமாகியிருக்கும். இதனால்தான் விளக்கை வேகமாக மின்ன விட்டால் துல்லியம் கூடும் என்ற எண்ணம் தவறாகப் போகிறது. வினாடிக்கு 40 வைத்தால் பிம்பங்கள் நெருங்கிவிடும், ஒவ்வொரு வேறுபாடும் பாதியாகும், அதே ஒரு பிக்சல் பிழை இரண்டு மடங்கு உறுத்தும். இந்தப் பந்துக்கு 60 வைத்தால் தொடக்கத்தில் பிம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, விளிம்பே தெரியாமல் போகும்.

மின்னலை எண்ணியதில் அரை சதவீதம். ஸ்கேலைப் பார்த்து வைத்தும் பந்து இரண்டு மூன்று செ.மீ. முன்னோ பின்னோ போயிருக்கலாம். 250 செ.மீ. தூரத்தில் 3 செ.மீ. என்றால் 1.2 சதவீதம், இருப்பதிலேயே பெரிய பிழை இதுதான். இவற்றைச் சேர்த்தால் ஒன்றரை சதவீதத்துக்கு அருகில் வரும். கொஞ்சம் தாராளமாக 2 சதவீதம் என்று வைத்து, 5-ஆம் பிம்பத்தில் பந்தின் வேகம் 2.66 ± 0.05 மீ/வி என்று எழுதலாம். கால்குலேட்டர் காட்டும் 2.6553 என்பதில் கடைசி இரண்டு இலக்கங்களை இந்தப் படம் தரவே இல்லை.

இந்தப் பிழையைக் குறைக்க வேண்டுமென்றால் புதுக் கேமரா வாங்க வேண்டாம். கேமராவை 250 செ.மீ.யிலிருந்து 500 செ.மீ.க்குத் தள்ளி வைத்து, ஜூம் செய்து அதே அளவுக்குச் சட்டகத்தை நிரப்புங்கள். அதே 3 செ.மீ. விலகல் அப்போது 0.6 சதவீதமாகிவிடும்.